சேற்றில் இறங்கிய பேரம்

காஜி ஹிபத்துல்லா பசியோடு ஒரு வழக்கையும் கேட்டதில்லை. காலையில் ஒரு சட்டி அவித்த மொச்சை, அதன்மேல் எண்ணெய், கடித்துக்கொள்ள வெங்காயம், ஒரு ரொட்டி. அதை முடித்து, வாயைக் கொப்பளித்து, போக வேண்டிய இடத்துக்கும் போய்விட்டு வந்துதான் பள்ளிவாசல் தூணுக்குக் கீழே பாயில் உட்காருவார். பசித்த காஜி அவசரப்படுவான், கோபக்கார காஜி பாதிதான் கேட்பான், சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பவன் எதையுமே கேட்கமாட்டான் என்பது அவர் கட்சி. அவர் மொச்சை தின்று முடிக்கும்வரை வாசலில் கூட்டத்தை அடக்கி வைப்பது என் வேலை. நான் அவருடைய வாசல்காரன். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், சத்தம் போடுபவனை அதட்டுவேன், அடிக்க வருபவனை இழுத்துக்கொண்டு போவேன்.

இன்னொரு வேலையும் என் தலையில்தான். காஜி தானே கடைக்குப் போகக்கூடாது. போனால் கடைக்காரன் விலையைக் குறைப்பான், நாளைக்கு அவனே வழக்கோடு வந்து நிற்பான். அதனால் காஜி வீட்டுக்கென்று தெரியாமல் வாங்கி வர என்னை அனுப்புவார். நைல் கரையிலிருக்கும் எங்கள் ஃபுஸ்தாத் நகரத்தில் இது யாருக்குத் தெரியாது? "காஜி வீட்டுக்கா?" என்பாள் வெங்காயக்காரி. "என் மாமியாருக்கு" என்பேன். "மாமியாரைப் பொதைச்ச அன்னிக்கும் இதையேதான் சொன்னே" என்று சிரித்து, அழுகலாகப் பார்த்து இரண்டைச் சேர்த்துப் போடுவாள். அழுகலைப் பார்த்தால் காஜிக்கு மனம் குளிர்ந்துவிடும். யாரும் சலுகை காட்டவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம்.

ஆள் குள்ளம். பெரிய காதுகள். அப்பா தண்ணீர்த் தோல்பை தைத்தவர். தலைமைக் காஜி நகரத்து நடுவில் தலைப்பாகையும் பரிவாரமுமாக இருப்பார். இவர் அவருக்குக் கீழே, ஆற்றங்கரையில் ஆளிநார் சந்தைக்குப் பக்கத்துச் சின்னப் பள்ளிவாசலில் அமர்ந்து வியாபாரிகளின் சண்டையைக் கேட்பார். மந்தமான ஆள் என்று சந்தையில் பேச்சு. நானே பலமுறை உள்ளுக்குள் பல்லைக் கடித்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு கடிப்பதில்லை.

அன்று வந்தவர்கள் இரண்டு நார் வியாபாரிகள். மக்லூஃப் ஒல்லியாக, எப்போதும் எதையோ தொலைத்தவன் மாதிரி இருப்பான். ஸியாதா பருமன், குரல் படகுத் துறையிலிருந்து கேட்கும். இரண்டு பேரையும் காஜி தனக்கு எதிரே சமமாக உட்கார வைத்தார். ஒருவனுக்கு சலாம் சொன்னால் மற்றவனுக்கும் அதே குரலில் சொல்ல வேண்டும், ஒருவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது; அதிலெல்லாம் அவர் தராசு பிடிக்கிறவர் மாதிரி.

பள்ளிவாசல் படிக்கு வெளியே, நிலையைப் பிடித்தபடி உம்மு ஸாபித் நின்றாள். தோல்காரர் தெருவில் நார் நூற்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய். வழக்கு என்னவென்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அண்ணே, மக்லூஃப் தோத்துட்டான்னா எங்க தெரு அடுத்த அறுப்பு வரைக்கும் தக்கிளியைத் தலைக்கு வெச்சுத் தூங்க வேண்டியதுதான்" என்றாள் என்னிடம். "எங்களுக்கு நார் குடுக்குறவன் அவன் ஒருத்தன்தான். அந்தக் கிறுக்கன் மொத்தத்தையும் வித்துத் தொலைச்சிருக்கான்."

"பேசாம நில்லும்மா. காஜியார் காதுல விழுந்தா நீயும் வாதாடறதா ஆயிடும்."

"அவர் காதுல விழாம என்ன? அவ்வளவு பெருசா இருக்கே."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

வழக்குப் போட்டவன் ஸியாதா. காஜி அவனை முதலில் பேசச் சொன்னார்.

"காஜியாரே, நேத்து அக்கரை ஜீஸாவுலேருந்து ரெண்டு பேரும் ஒரே படகுல வந்தோம். இவன் கிடங்குல இருக்குற ஆளிநார் மொத்தத்துக்கும் பேரம் பேசினோம். 'வித்தேன்'னான். 'வாங்கினேன்'னேன். இன்னிக்கு ஆள் அனுப்பினா கிடங்கைப் பூட்டிக்கிட்டு நிக்கறான். அலெக்சாண்டிரியாவுல கப்பல்காரன் காத்துக்கிட்டிருக்கான். அவனுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். சரக்கைத் தரச் சொல்லுங்க."

காஜி மக்லூஃபைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

"வித்தது உண்மை. ஆனா பிரியறதுக்கு முன்னாடியே 'பேரத்தை முறிச்சேன்'னு சொல்லிட்டேன்."

சந்தையில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். விற்றேன், வாங்கினேன் என்று சொன்ன பிறகும், அந்த இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் பிரிகிற வரைக்கும், யார் வேண்டுமானாலும் மனசு மாறலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்தே உட்கார்ந்திருந்தாலும் சரி, சேர்ந்தே ஊர் தாண்டி நடந்தாலும் சரி, அந்த உரிமை கூடவே வரும். ஒருவன் முதுகைக் காட்டி நாலு எட்டு வைத்துவிட்டால் முடிந்தது, பேரம் இறுகிவிடும்.

"இவன் முறிச்சேன்னு சொன்னது உன் காதுல விழுந்துச்சா?" என்று காஜி ஸியாதாவைக் கேட்டார்.

"விழுந்துச்சு. படகு நம்ம கரையைத் தொடறதுக்கு முன்னாடி சொன்னான். ஆனா அதுக்கு முன்னாடியே பிரிஞ்சாச்சு. ரவ்தா தீவைத் தாண்டினதும் படகு மணல்திட்டுல தட்டி நின்னுச்சு. இவன் படகை விட்டு இறங்கிட்டான். அதோட பேரம் இறுகிப் போச்சு. அப்புறம் முறிச்சா என்ன, முறிக்காட்டி என்ன?"

"பொய்!" என்று மக்லூஃப் கத்தினான். "நான் இறங்கவே இல்ல, காஜியாரே. ஏறின எடத்துலயே உக்காந்திருந்தேன்."

நான் அவனை அதட்டினேன். காஜி கையைக் காட்டி என்னை அடக்கினார்.

இப்படி ஒருவன் பிரிந்தோம் என்றும் மற்றவன் பிரியவில்லை என்றும் சொன்னால், பிரிந்தோம் என்பவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால், இல்லை என்பவன் சத்தியம் செய்துவிட்டுப் போய்விடலாம். அதைத்தான் மக்லூஃப் நம்பிக்கொண்டிருந்தான். ஆனால் ஸியாதா வெறுங்கையோடு வரவில்லை. கூடவே முலாம்பழ வியாபாரி குலைபைக் கூட்டி வந்திருந்தான். சரக்கு சம்பந்தமான வழக்கில் நம்பகமான ஒரே ஒரு சாட்சி இருந்தாலும், வாதி தானும் சத்தியம் செய்தால் போதும், வழக்கு அவன் பக்கம்.

குலைபின் நாணயம் ஊரறிந்தது. சொத்தைப் பழத்தைச் சொத்தை என்று சொல்லி விற்கிற ஆள். பேச்சும் பழத்தை எண்ணிப் போடுவது மாதிரி அளவாகத்தான் வரும்.

"சாட்சி சொல்றேன்" என்று ஆரம்பித்தான். "நானும் அந்தப் படகுலதான் வந்தேன். மணல்திட்டுல மக்லூஃப் தண்ணியில இறங்கினான். இடுப்பு வரைக்கும் நனைஞ்சான். அப்புறம் ஏறினான்."

நிறுத்திவிட்டான். அவ்வளவுதான் அவனைச் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

மக்லூஃபின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்தது. வாசலில் உம்மு ஸாபித் கையை உதறிக்கொண்டாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தெருவே உன்னை நம்பிக்கொண்டிருக்கிறது, இங்கே வந்து பச்சைப் பொய் சொல்கிறாயே பாவி என்று அவன் பிடரியில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. பொய் சொன்னவன் தோற்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அங்கே இருந்த எல்லோரும் அதையே நினைத்தார்கள்.

"சத்தியத்துக்குத் தயார், காஜியாரே" என்று ஸியாதா எழுந்தான்.

காஜி சத்தியம் வாங்கவில்லை. தன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பல வருஷமாக அந்தக் காதைப் பார்த்திருக்கிறேன். மனசில் ஏதோ இடறினால்தான் கை அங்கே போகும். மக்லூஃபைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டார். ஒரு கட்சிக்காரனுக்கு வாதத்தை எடுத்துக் கொடுக்கக் காஜிக்கு உரிமை இல்லை. 'இப்படிச் சொல்லேன், ஜெயிப்பாய்' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் தராசு சாய்ந்துவிடும். ஆனால் வழக்கைக் கொண்டு வந்தவன் தெளிவாகச் சொல்லவில்லை என்றால், தெளிவாகச் சொல் என்று கேட்கலாம். அந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அவர் அதை மெதுவாகத் தள்ளினார்.

"உக்காரு, ஸியாதா. நீ சத்தியம் பண்ணப்போறது அவன் இறங்கினான்ங்கறதுக்கு இல்ல. நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சீங்கங்கறதுக்கு. எப்படிப் பிரிஞ்சீங்கன்னு நீ இன்னும் சொல்லலையே."

"அதான் சொன்னேனே. அவன் இறங்கிட்டான்."

"அவன் எங்க இருந்தான்னு சொன்னே. அப்போ நீ எங்க இருந்தே?"

ஸியாதா குனிந்து தன் அங்கியின் ஓரத்தைப் பார்த்தான்.

நான் முட்டாள்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் விளங்கிவிட்டது. சின்னப் படகு அது. ஒருவன் உள்ளே இருக்க ஒருவன் வெளியேறினால் அது பிரிவுதான். 'நான் படகில் உட்கார்ந்திருந்தேன்' என்று ஸியாதா ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? மக்லூஃப் பேச முடியாது, நான் இறங்கவே இல்லை என்று தன் வாயைத் தானே தைத்துக்கொண்டான். குலைபோ கேட்டதற்கு மேல் பேசாதவன். கப்பல்காரனுக்குக் கொடுத்த வாக்கு, சந்தையில் பெயர், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. ஸியாதாவும் வியாபாரி, இதையெல்லாம் நான் யோசிப்பதற்கு முன்பே அவன் யோசித்திருப்பான்.

காஜி அவனை அவசரப்படுத்தவில்லை. அந்த மந்தம் எதற்காக என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"நானும் தண்ணியிலதான் இருந்தேன், காஜியாரே" என்றான் ஸியாதா. அவன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"சொல்லு."

"படகு நகரல. எல்லாரையும் இறங்கித் தள்ளுங்கன்னான் படகுக்காரன். நானும் இவனும் ஒரே நேரத்துல குதிச்சோம். பின்பக்கம் நின்னு தோளோட தோள் ஒட்டித் தள்ளினோம்."

"யாராவது தள்ளிப் போனீங்களா? முதுகைக் காட்டி நடந்தீங்களா?"

"எங்க நடக்கறது? முழங்கால் வரைக்கும் சேறு. இந்தக் கழுதையோட செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. நான்தான் கையை விட்டுத் துழாவி எடுத்துக் குடுத்தேன். என் புது அங்கி நாசமாப் போச்சு." கோபத்தில் பழைய குரல் திரும்பி வந்தது. "எடுத்துக் குடுத்ததுக்கு நன்றி சொன்னானா? இல்ல! மேல ஏறினதும் 'முறிச்சேன்'னான்!"

யாரோ சிரித்தார்கள். நான் முறைத்தேன்.

"மேல யார் முதல்ல ஏறினது?"

"அவன். ஏறி, கையைக் குடுத்து என்னை இழுத்தான். நான் கனம்னு திட்டிக்கிட்டே இழுத்தான்."

காஜி குலைபைப் பார்த்தார். "இப்படித்தானா?"

"இப்படித்தான். செருப்பு எடது கால் செருப்பு" என்றான் குலைப்.

காஜி காதிலிருந்து கையை எடுத்தார்.

"ஸியாதா, ஒருத்தன் இருக்க ஒருத்தன் போனா அது பிரியறது. ரெண்டு பேரும் சேர்ந்து போனா, படகை விட்டாலும் ஊரை விட்டாலும் அது பிரியறது இல்ல. தோளோட தோள் நின்னீங்க, கையைப் பிடிச்சு ஏறினீங்க. அந்த நேரம் பூரா பேரம் தெறந்துதான் கெடந்துச்சு. அவன் முறிச்சது செல்லும். நார் மக்லூஃபோடது."

ஸியாதா தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் உம்மு ஸாபித் அழுதாள், சத்தமே இல்லாமல். அவளிடம் எப்போதும் சத்தம் மட்டும்தான் உண்டென்று நினைத்திருந்தேன்.

மக்லூஃப் எழுந்து காஜியின் கையை முத்தமிடப் போனான். காஜி கையை இழுத்துக்கொண்டார்.

"நீ ஜெயிக்கல. உன்னை அவன் ஜெயிக்க வெச்சான். உன்கிட்ட நான் சத்தியம்கூட வாங்கல, அவன் வாயிலேருந்து வந்ததே போதும்னு தீர்ப்புச் சொல்லிட்டேன். ஏன் இறங்கலைன்னு சொன்னே?"

"தரையில நடக்கறது வேற, படகை விட்டு இறங்கறது வேறன்னு குழம்பிட்டேன், காஜியாரே. இறங்கினேன்னு சொன்னா பேரம் இறுகிடும்னு நெனச்சேன். படகுல விலையைக் கேட்டதும் தலை சுத்திப் போச்சு, வித்துட்டேன். பச்சைத் தண்ணியில நிக்கறப்பதான் தெருப் பொம்பளைங்க ஞாபகம் வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு. எப்படியாவது காப்பாத்திடணும்னு..."

"உண்மையைச் சொல்லியிருந்தாலே காப்பாத்தியிருக்கலாம். இனிமே உன் சாட்சி இந்தப் பாய்க்கு முன்னால எடுபடாது. உன் நாக்கு திருந்திடுச்சுன்னு ஊர் சொல்ற வரைக்கும்."

வியாபாரிக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. பக்கத்துக் கடைக்காரன் பேரத்துக்குக்கூடச் சாட்சி நிற்க முடியாது. மக்லூஃப் ஸியாதா பக்கம் திரும்பினான்.

"அபூ ஸுலைமான்," என்றான், மகன் பெயரைச் சேர்த்து மரியாதையாக. "கப்பல்காரன்கிட்ட நீ வெறுங்கையோட போக வேணாம். பாதியை எடுத்துக்கோ. நேத்துச் சொன்ன விலைக்கே."

"பள்ளிவாசலுக்குள்ள பேரம் பேசாதே!" என்று காஜி அதட்டினார். "எந்திரிச்சுப் போங்க ரெண்டு பேரும். வெளிய போய் என்னத்தையாவது பண்ணுங்க."

இரண்டு பேரையும் நான் வாசலுக்கு ஓட்டினேன். அங்கே உம்மு ஸாபித் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

"பாதின்னா எந்தப் பாதி? நல்ல நாரையெல்லாம் கப்பல்ல ஏத்திட்டு மட்டமானதை எங்க தலையில கட்டுவியா?"

"ரெண்டுலயும் பாதி, தாயே" என்றான் மக்லூஃப்.

"கிடங்குக்கு நான் வந்து பார்ப்பேன்."

"வா."

"பாதி இருந்தா தெரு பொழைச்சுக்கும்" என்றாள் ஸியாதாவிடம். "உன் அங்கியைக் குடு, தோய்ச்சுத் தரேன்."

"வித்தேன்" என்றான் மக்லூஃப். "வாங்கினேன்" என்றான் ஸியாதா.

அதன் பிறகு இருவரும் நகரவில்லை. படிக்கட்டுக்குக் கீழே எதிரெதிரே நின்றார்கள். இப்போது பேரத்தை இறுக்க வேண்டும் என்றால் யாராவது முதுகைக் காட்டி நடக்க வேண்டும். லாபம் ஸியாதாவுக்கு, அவன் நாலு எட்டு வைத்தால் போதும், இந்தத் தடவை யாராலும் முறிக்க முடியாது. அவன் வைக்கவில்லை.

"நேத்து மாதிரி அவசரப்படாதே" என்றான் மக்லூஃபிடம். "நல்லா யோசிச்சுக்கோ. நான் இங்கேயே நிக்கறேன். நீயாப் போனா போ."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சந்தையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மக்லூஃப் உம்மு ஸாபித்தைப் பார்த்தான், அவள் தலையசைத்தாள். அவன் ஸியாதாவின் கையை ஒருமுறை பிடித்து விட்டான், திரும்பினான், சந்தைக்குள் நடந்தான். மீன்காரர்கள் மூலை வரைக்கும் போய் மறைந்தான், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸியாதா படியில் உட்கார்ந்து, சேறு காய்ந்திருந்த அங்கியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அடுத்த வழக்குக்காரனைக் கூப்பிடுவதை நான் மறந்தே போனேன்.

அந்த வாரமே காஜி ஸியாதாவுக்கு ஆள் அனுப்பினார். காஜி பக்கத்தில் உட்கார்ந்து சாட்சிகளின் நாணயத்தை விசாரித்துச் சொல்ல நம்பகமான ஆட்கள் உண்டு. அதில் ஓர் இடம் காலியாக இருந்தது. தலைமைக் காஜியின் ஆட்கள் சொந்தக்காரர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹிபத்துல்லா ஸியாதாவின் பெயரை அனுப்பிவிட்டார்.

"என் வழக்குலயே தோத்தவன் நான், காஜியாரே" என்றான் அவன்.

"அதனாலதான்" என்றார் அவர், மொச்சையை மென்றுகொண்டே.

இரண்டு அறுப்பு கழிந்து ஒரு கிணற்றுச் சண்டை வந்தது. அதில் ஒரு தரப்பு சாட்சிக்கு மக்லூஃபைக் கூட்டி வந்து நிறுத்தியது. அவன் சாட்சி எடுபடாதே என்று எதிர்த்தரப்பு கூச்சல் போட்டது. காஜி பக்கத்தில் இருந்த ஸியாதாவைப் பார்த்து, "இவன் எப்படி?" என்று கேட்டார். மக்லூஃப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தோல்காரர் தெருவுல வீடு வீடாப் போய் விசாரிச்சுட்டேன், காஜியாரே" என்றான் ஸியாதா, படகுத் துறை வரை கேட்கிற குரலில். "இப்பல்லாம் உண்மைதான் பேசறான். ஏத்துக்கலாம்."

"சொல்லு" என்றார் காஜி மக்லூஃபிடம்.